‘பக் இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோமா?

கேள்வி: கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தில், வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருக்கிறேன். 24 மணி நேர மருந்துக்கடை நடத்தும் ஒருவர் பிப்ரவரி 3-ஆம் தேதி புகார் அனுப்பினார். மாத விற்பனையை ஜிஎஸ்டிக்குக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னுக்கான ஜனவரி ரிப்போர்ட்டில் பிப்ரவரி 1 தேதி போட்ட 17 பில்கள் வருகின்றனவாம். எங்கள் டெவலப்பர் பார்த்துவிட்டு, பக், அதாவது சாஃப்ட்வேரில் உள்ள பிழைதான் என்பதை உறுதிப்படுத்தினார். ஜனவரி 20-ஆம் தேதி போன புதிய வெர்ஷனிலிருந்து மாதக் கணக்கு இந்திய நேரப்படி இல்லாமல் யூடிசி என்ற உலகப் பொது நேரப்படி பிரிகிறதாம். அதே காரணத்தால் ஜனவரி 1 அதிகாலை போட்ட 23 பில்கள் ரிப்போர்ட்டில் விட்டுப்போயிருக்கின்றன. அது அவருக்கு இன்னும் தெரியாது. வரி வித்தியாசம் 630 ரூபாய்தான்.

மேனேஜர், “பக் என்று எழுத்தில் கொடுக்காதே, தொழில்நுட்பச் சிக்கல் என்று போடு. 17 பில்லைப் பற்றித்தானே கேட்டார், அதற்கு மட்டும் பதில் சொல். மார்ச்சில் ரின்யூவல் இருக்கிறது” என்கிறார். வெள்ளிக்கிழமை, 13-ஆம் தேதி சரியாகிவிடும் என்கிறார் டெவலப்பர். அதன் பிறகு டெஸ்டிங்குக்கு இரண்டு நாள் வேண்டும். புதிய வெர்ஷன் செவ்வாய் இரவில்தான் வெளியாகும். ஈமெயிலில் என் பெயர்தான் இருக்கும். என்ன எழுதுவது? எழுதினால் நஷ்டஈடு கேட்பார்களா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: ஜிஎஸ்டிஆர்-1-க்குக் கடைசி நாள் 11-ஆம் தேதி என்பதால் உங்களுக்குத் தனியாக உடனே பதில் அனுப்பிவிட்டேன். சாஃப்ட்வேர் ஒப்பந்தங்களைப் பார்க்கும் வழக்கறிஞர் என்பதால் இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் அடிக்கடி என்னிடம் வருகிறது. அதனால் அதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 630 ரூபாய். உங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் தனியாக அனுப்பிய விவரப்படி, விட்டுப்போன 23 பில்களின் மதிப்பு 41,200 ரூபாய். 5 சதவீதத்தில் வரி 2,060. தவறாக உள்ளே வந்த 17 பில்களின் மதிப்பு 28,600, வரி 1,430. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 630 வருகிறது. ஆனால் கடைக்காரரின் பிரச்சினை கழித்தல் கணக்கு இல்லை. பிப்ரவரி பில்கள் ஒரு மாதம் முந்திக்கொண்டு வந்துவிட்டன, அவ்வளவுதான். ஜனவரி 1 பில்களின் கதை வேறு. டிசம்பர் ரிட்டர்னை அவர் ஜனவரி 11-க்குள், பழைய வெர்ஷன் இருந்தபோதே தாக்கல் செய்துவிட்டார். அதில் இந்த 23 பில்கள் இல்லை, இருக்கவும் கூடாது. புதிய வெர்ஷனோ அவற்றை டிசம்பர் 31 என்று நினைத்து ஜனவரியிலிருந்தும் தள்ளிவிட்டது. ஆக, அவை எந்த மாத ரிட்டர்னிலும் வராமல் நடுவில் விழுந்துவிட்டன.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். கூடுதலாக வந்த பில் கண்ணில் படும், ஏனென்றால் ஜனவரி ரிப்போர்ட்டில் பிப்ரவரி தேதி துருத்திக்கொண்டு நிற்கும். விட்டுப்போன பில் கண்ணில் படாது. அவர் 17-ஐப் பற்றி மட்டும் கேட்டதற்குக் காரணம் அதுதான். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால், அந்த 17-ஐ நீக்கிவிட்டு நிம்மதியாகத் தாக்கல் செய்துவிடுவார். அப்போது குறைவு 630 ரூபாயாக இருக்காது, முழு 2,060 ஆகிவிடும். உங்கள் பாதிப் பதில் அவர் கணக்கை இன்னும் மோசமாக்கும்.

ஒப்புக்கொள்வது வேறு, நஷ்டஈடு வேறு

‘பக் இருக்கிறது என்று எழுதினால் வழக்கில் அதுவே சாட்சி’ என்பது உங்கள் மேனேஜரின் பயம். முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதியதை உங்களுக்கு எதிராகக் காட்ட முடியும். ஆனால் ஒப்புதல் என்பது சாட்சியச் சட்டத்தில் முடிந்த முடிவான நிரூபணம் இல்லை. அது போக, வழக்கு என்று ஒன்று வந்தால் ஈமெயில்தானா கிடைக்கும்? புகாருக்கு நீங்கள் போட்ட டிக்கெட், டெவலப்பர் எழுதிய குறிப்பு, ஜனவரி 20 வெர்ஷன் மாற்றம் எல்லாமே பதிவாக இருக்கின்றன. பிப்ரவரி முதல் வாரமே தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்பதற்கு அவையே சாட்சி ஆகிவிடும்.

நஷ்டஈட்டை முடிவு செய்வது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 73-ஆவது பிரிவு. ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக விளையும் இழப்புக்குத்தான் ஈடு. சுற்றிச் சுற்றி எங்கேயோ போய் விளைந்ததற்கு இல்லை. அந்தப் பிரிவின் விளக்கத்தில் ஒரு வரி உண்டு. பாதிக்கப்பட்டவர் அந்த இடைஞ்சலைச் சரிசெய்துகொள்ள என்ன வழிகள் இருந்தன என்பதையும் இழப்பைக் கணக்கிடும்போது பார்க்க வேண்டும் என்கிறது. உங்கள் ஈமெயிலின் சட்ட மதிப்பு இந்த வரியில்தான் இருக்கிறது. 11-ஆம் தேதிக்கு முன்பே, இதுதான் குறை, இப்படிச் செய்தால் சரியான ரிட்டர்ன் போடலாம் என்று எழுதிவிட்டால், அவர் கையில் ஒரு வழியைக் கொடுத்துவிட்டீர்கள். அதன் பிறகும் தவறான ரிப்போர்ட்டையே ஏற்றினால் அந்த இழப்பை முழுதாக உங்கள் தலையில் கட்டுவது கடினம். சொல்லாமல் விட்டால் அவருக்கு வழியே இருக்கவில்லை என்றாகும்.

தொகையையும் பார்ப்போம். 2,060 ரூபாய் வரியை ஒரு மாதம் தாமதமாகக் கட்டினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் சுமார் 31 ரூபாய் வரும். இதற்காக யாரும் கோர்ட் படி ஏற மாட்டார்கள். வினை வருவதானால் அந்த 23-இல் இருக்கும் ஒரே ஒரு பில்லால் வரும். விடிகாலை 3.40-க்கு ஒரு நர்சிங் ஹோமுக்கு, அவர்களுடைய ஜிஎஸ்டி எண்ணுடன் போட்ட பில் என்று எழுதியிருந்தீர்களே, அது. ஜிஎஸ்டிஆர்-1-இல் அது போகாவிட்டால் வாங்கியவருக்கு அவர் வாங்கிய பில்களைக் காட்டும், 14-ஆம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் நர்சிங் ஹோம் அதைப் பார்க்காது. ‘எங்கள் பில்லை ஏன் ஏற்றவில்லை’ என்று அங்கிருந்து கடைக்காரருக்கு போன் வரும். நீங்கள் மறைத்தது அந்த போனில் வெளியே வரும்.

நுகர்வோர் சட்டத்தையும் கேட்டிருந்தீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவு சேவைக் குறைபாடு என்றால் என்ன என்று சொல்லும்போது, தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் அதில் சேர்க்கிறது. வணிகத்துக்காகச் சேவை வாங்குபவர் பொதுவாக நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. ஒற்றைக் கடை வைத்திருக்கும் இவர் அதில் வருவாரா என்பது வாதத்துக்கு உரியது. வர மாட்டார் என்று நம்பி நீங்கள் காரியம் செய்ய வேண்டாம்.

ரின்யூவல் போய்விடும் என்பதற்கு ஒரு வார்த்தை. மார்ச் ரின்யூவல் சட்டப்படி ஒரு புதிய ஒப்பந்தம். சும்மா இருப்பது பெரும்பாலும் மோசடி ஆகாது. தெரிந்த உண்மையை முனைந்து மறைத்து ஒப்பந்தம் போட வைத்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அதை மோசடிக்குள் கொண்டுவருகிறது. நேரடியாகக் கேள்வி கேட்ட ஒருவருக்குத் தெரிந்தே பாதியைச் சொல்வது அந்தக் கோட்டுக்கு மிக அருகில் போகிறது. வாங்கிய ரின்யூவலை அவர் ரத்து செய்யலாம் என்ற நிலைக்கு மேனேஜரே வழி போட்டுக் கொடுக்கிறார்.

சரி, அதற்காக எல்லாவற்றையும் எழுதிவிடவும் வேண்டாம். ‘உங்களுக்கு ஏற்படும் எல்லா நஷ்டத்தையும் நாங்கள் ஏற்கிறோம்’ என்று பரிதாபப்பட்டு எழுதிவிடாதீர்கள். உங்கள் ஒப்பந்தத்தில் பொறுப்புக்கு உச்சவரம்பு இருந்தால் அந்த ஒரு வரி அதைக் குழப்பிவிடும். ‘டெவலப்பர் கவனக்குறைவு’ என்றும் வேண்டாம். அது உங்களுக்குத் தெரிந்த உண்மை இல்லை, உங்கள் அபிப்பிராயம். ஈமெயிலின் மேலே ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்று போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் விட்டுவிடுங்கள். அது சமரசப் பேச்சுக்கான கவசம். குறையைத் தெரிவிக்கும் ஈமெயிலில் அதற்கு வேலை இல்லை, வாசிப்பவருக்கு எரிச்சல்தான் வரும். மன்னிப்புக் கேட்கலாம். ‘இதனால் உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று எழுதி இதுவரை என் கட்சிக்காரர் யாரும் வழக்கில் தோற்றதில்லை.

‘தொழில்நுட்பச் சிக்கல்’ என்ற சொல்லால் பாதுகாப்பும் கிடையாது. அதைப் படிப்பவர் நெட் போயிருக்கும், சர்வர் டவுன் ஆகியிருக்கும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைப்பார். நாளைக்கு மறுபடி ரிப்போர்ட் எடுத்து அப்படியே ஏற்றிவிடுவார்.

எந்த வெள்ளிக்கிழமை?

டெவலப்பர் வெள்ளிக்கிழமை என்று சொல்லும்போது அவர் மனதில் இருப்பது அவர் கம்ப்யூட்டரில் வேலை முடியும் நாள். கடைக்காரர் கேட்பது தன் கடையில் சரியாகும் நாள். நடுவே இருக்கும் நாட்களை யாரும் சொல்வதில்லை, அப்புறம் ‘வெள்ளிக்கிழமை என்றீர்களே’ என்ற சண்டை வருகிறது. உங்கள் கணக்குப்படி 13-ஆம் தேதி கோடிங் முடிந்தால் திங்கள், செவ்வாய் டெஸ்டிங், 17-ஆம் தேதி செவ்வாய் இரவு வெளியீடு. அவர் கையில் கிடைப்பது 18-ஆம் தேதி புதன் காலை. ஈமெயிலில் போட வேண்டியது இந்தத் தேதியைத்தான்.

இந்தத் தேதியை இரண்டு கெடுக்களோடு வைத்துப் பாருங்கள். ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11, மாத வரியைக் கணக்குக் காட்டிக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20. திருத்தம் முதல் கெடு தாண்டித்தான் வருகிறது. இரண்டாவது கெடுவுக்கு இரண்டே நாள் முன்பு வருகிறது. டெஸ்டிங்கில் ஒரு தடவை இடறினாலும் அடுத்த செவ்வாய், 24-ஆம் தேதி ஆகிவிடும். ஆகவே ‘18-ஆம் தேதி சரியாகிவிடும், கவலை வேண்டாம்’ என்று எழுதினால் அவர் தாக்கலைத் தள்ளிப்போட்டு உங்களுக்காகக் காத்திருப்பார். ‘திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்’ என்ற வரி அந்த ஈமெயிலில் கட்டாயம் இருக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால்கூடப் போதும்.

‘எதிர்பார்க்கிறோம்’ என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். கூடவே, எதைச் சார்ந்து எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். டெஸ்டிங் தேறினால் 18. தேறாவிட்டால் 17-ஆம் தேதி மாலைக்குள் உங்களிடமிருந்து தகவல் வரும். இந்த இரண்டாவது தேதி முழுக்க உங்கள் கையில் இருப்பது, அதைத் தாராளமாக வாக்காகவே கொடுக்கலாம். ‘விரைவில்’ என்று எழுதுவது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. கடைக்காரரைப் பொறுத்தவரை விரைவில் என்பது நாளை காலை.

மாற்று வழியை நீங்களே ஒருமுறை செய்துபாருங்கள்

நீங்கள் எனக்கு அனுப்பிய ஈமெயில் வரைவில் ‘அதுவரை பில்களைக் கைமுறையாகச் சரிபார்த்துக்கொள்ளவும்’ என்று ஒரு வரி இருந்தது. மன்னிக்க வேண்டும், அது மாற்று வழி இல்லை. வேலையைத் தூக்கி அவர் தலையில் போடுவது. ஜனவரியில் அவர் போட்டது 5,706 பில். எதை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்?

குறை இருப்பது மாதக் கணக்கைப் பிரிக்கும் இடத்தில் மட்டும். நம் நேரம் யூடிசியை விட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை போட்ட பில்லுக்கு அங்கே இன்னும் முந்தின நாள். மாத நடுவில் இதனால் மாதக் கணக்கு மாறாது. ஒன்றாம் தேதி அதிகாலையில் மட்டும் மாதமே மாறிவிடும். பில் பதிவேட்டுத் திரையில் தேதி சரியாகவே வருகிறது என்று சொன்னீர்கள். அப்படியானால் வழி எளிது. பதிவேட்டில் ஜனவரி 1 முதல் 31 வரை எடுத்த எக்செல்தான் நம்பக்கூடியது. ரிப்போர்ட்டை அதோடு ஒப்பிட்டு, பிப்ரவரி 1 பில்களை எடுத்துவிட்டு, ஜனவரி 1-இன் 23 பில்களைச் சேர்க்க வேண்டும்.

ஆனால் ரிட்டர்னில் இது நான்கு இடத்தைத் தொடும். சில்லறை விற்பனை பில் பில்லாகப் போகாது, வரி விகிதத்துக்கு ஒரு மொத்தமாக அட்டவணை 7-இல் போகும். அந்த மொத்தம் மாறும். நர்சிங் ஹோம் பில் தனியாக அட்டவணை 4-இல் சேர வேண்டும். எச்எஸ்என் என்ற பொருள் வகை எண் வாரியான சுருக்கமான அட்டவணை 12 மாறும். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டோம் என்று காட்டும் அட்டவணை 13 மாறும். மருந்துக்கடையில் எச்எஸ்என் வாரியாக 40 பில்களைக் கையால் பிரித்துக் கூட்டுவது ஒரு ராத்திரி வேலை. உங்கள் டெவலப்பருக்கு அது அரை மணி நேரம். திருத்திய எக்செலை நீங்களே தயாரித்து ஈமெயிலோடு இணைத்துவிடுங்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றுவதற்காகச் சாஃப்ட்வேர் உருவாக்கும் ஜேசன் ஃபைலை ஜனவரிக்கு ஏற்ற வேண்டாம் என்றும் தெளிவாகச் சொல்லுங்கள், அதிலும் இதே தவறுதான் இருக்கும்.

சரியாக வந்ததா என்று அவர் தானே தெரிந்துகொள்ள ஒரு சோதனையும் கொடுங்கள். ஜனவரியின் முதல் பில் எண் 18402, கடைசி எண் 24107. இரண்டுக்கும் நடுவே, ரத்தானவற்றையும் சேர்த்து, 5,706 பில் இருக்க வேண்டும். குறையுள்ள ரிப்போர்ட்டில் 5,700தான் வரும், 23 போய் 17 வந்திருப்பதால். ஆறு குறைந்தால் இன்னும் பழைய ரிப்போர்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். 23 குறைந்தால் 17-ஐ நீக்கிவிட்டுச் சேர்க்க வேண்டியதைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்.

செய்யக் கூடாததையும் சொல்ல வேண்டும். மாற்று வழி கிடைக்காத கடைக்காரர்கள் தாங்களே ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு கட்சிக்காரர் இப்படித்தான் பழைய பில்களை ரத்து செய்துவிட்டு வேறு தேதியில் மறுபடி போட்டார். பில் எண் வரிசை குலைந்து, வாங்கியவரிடம் ஒரு எண்ணும் ரிட்டர்னில் வேறு எண்ணும் ஆகி, முதல் குறையைவிட அதைச் சரிசெய்யத்தான் அதிக நாள் ஆனது. பில்லில் கை வைக்க வேண்டாம், பில்கள் சரியாகவே இருக்கின்றன, ரிப்போர்ட் மட்டும்தான் தவறு என்று எழுதுங்கள்.

உங்கள் ஈமெயில் கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

> பொருள்: ஜனவரி ஜிஎஸ்டிஆர்-1 ரிப்போர்ட்டில் தவறு – தாக்கல் செய்யும் முன் படிக்கவும்
>
> வணக்கம் ஐயா,
>
> பிப்ரவரி 3-ஆம் தேதி நீங்கள் சொன்னது சரி. எங்கள் சாஃப்ட்வேரில் குறை இருப்பதை எங்கள் கம்ப்யூட்டரிலும் செய்துபார்த்து உறுதிப்படுத்திவிட்டோம். ஜனவரி 20-ஆம் தேதி வந்த வெர்ஷனிலிருந்து, நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை போடும் பில்களை மாத ரிப்போர்ட் முந்தின நாளில் சேர்க்கிறது.
>
> உங்கள் ஜனவரி ரிப்போர்ட்டில் இதனால் இரண்டு தவறுகள் உள்ளன. நீங்கள் பார்த்த பிப்ரவரி 1-ஆம் தேதி பில்கள் 17 (28,600 ரூபாய்) தவறாக உள்ளே வந்துள்ளன. நீங்கள் குறிப்பிடாத இன்னொன்று, ஜனவரி 1 அதிகாலைப் பில்கள் 23 (41,200 ரூபாய்) விட்டுப்போயுள்ளன. அதில் நர்சிங் ஹோமுக்குப் போட்ட ஜிஎஸ்டி பில் ஒன்றும் இருக்கிறது. பில்களில் எந்தத் தவறும் இல்லை. பில் பதிவேடும் சரியாக உள்ளது.
>
> திருத்திய வெர்ஷன் 18-ஆம் தேதி புதன்கிழமை காலை உங்களுக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறோம். டெஸ்டிங் முடிவைப் பொறுத்து இது தள்ளிப்போகலாம். எப்படியானாலும் 17-ஆம் தேதி மாலைக்குள் உங்களுக்குத் தெரிவிப்போம்.
>
> 11-ஆம் தேதிக்கு முன் தாக்கல் செய்ய, திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். சரியான கணக்கை எக்செலில் இணைத்துள்ளோம். சாஃப்ட்வேரில் வரும் ஜனவரி ரிப்போர்ட்டையும் ஜேசன் ஃபைலையும் பயன்படுத்தாமல், இந்த எக்செலை உங்கள் ஆடிட்டரிடம் கொடுங்கள். மொத்தப் பில் 5,706 (எண் 18402 முதல் 24107 வரை) வருகிறதா என்று பார்த்தால் போதும். 3பி-க்கும் இதே கணக்குதான். பில்களை ரத்து செய்யவோ தேதி மாற்றவோ வேண்டாம்.
>
> ஜனவரி ரிட்டர்னை ஏற்கெனவே தாக்கல் செய்துவிட்டீர்கள் என்றால் உடனே சொல்லுங்கள். 3பி தாக்கல் செய்யும் முன் ஜிஎஸ்டிஆர்-1ஏ மூலம் திருத்த வழி உண்டு. அதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யலாம், தேவையான விவரங்களை நாங்கள் தருகிறோம்.
>
> உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.

மேனேஜருக்கு இது நீளமாகத் தோன்றலாம். இரண்டாவது பத்தியை வெட்டச் சொல்வார் என்று இப்போதே சொல்கிறேன். ‘நீங்கள் குறிப்பிடாத இன்னொன்று’ என்ற இடம்தான் அவர் கண்ணை உறுத்தும். இந்த ஈமெயிலுக்கு உயிரே அதுதான், அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வேறு எதை வேண்டுமானாலும் சுருக்குங்கள். யூடிசி என்ற சொல்லை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன், கடைக்காரருக்கு 12 முதல் 5.30 என்றால் புரியும். வரி பற்றிய முடிவை ஆடிட்டரிடம் தள்ளியிருப்பதையும் கவனியுங்கள். உங்கள் சாஃப்ட்வேர் என்ன செய்தது என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ரிட்டர்னை எப்படிப் போட வேண்டும் என்று ஆலோசனை சொல்ல ஆரம்பித்தால் அது தவறும்போது அதற்கும் நீங்கள் பொறுப்பாவீர்கள்.

உங்கள் பெயர்

ஈமெயிலில் உங்கள் பெயர் இருப்பதால் நீங்கள் தனிப்பட்ட முறையில் நஷ்டஈடு கட்ட வேண்டி வராது. ஒப்பந்தம் நிறுவனத்துக்கும் கடைக்காரருக்கும் நடுவே. உங்கள் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, தெரிந்தே தவறான தகவலை உங்கள் பெயரில் அனுப்புவதில். அனுப்பும் முன் டெவலப்பரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குறை உறுதியானது, பாதித்த பில்களின் எண்ணிக்கை, தேதி. வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். வரைவை மேனேஜருக்கு ஈமெயிலில் அனுப்பி ஒப்புதல் கேளுங்கள். வாயால் ‘23 பில்லை எடுத்துவிடு’ என்று சொல்பவர் அதை எழுத்தில் சொல்லத் தயங்குவார். எழுத்திலேயே சொல்லிவிட்டால், உங்கள் பெயரில் அனுப்ப மறுக்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது. நேராக அவருக்கு மேலே உள்ளவரிடம் போகும் முன், அந்த 31 ரூபாய்க் கணக்கையும் 17-ஆவது பிரிவையும் அவரிடமே ஒருமுறை பேசிப் பாருங்கள். அவர் பயப்படுவது பெரிய நஷ்டஈட்டுக்கு, அந்தப் பயம் போனால் பாதிப் பிடிவாதம் போய்விடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இந்தக் குறை இவர் ஒருவருக்கு மட்டும் இருக்க முடியாது. ஒன்றாம் தேதி அதிகாலை பில் போட்ட எல்லாக் கடைக்கும் இதே கதை. பஸ் ஸ்டாண்ட் பேக்கரி, ராத்திரிக் கடை, விடிகாலை நாலு மணிக்குத் திறக்கும் டீக்கடை. ஜனவரி 1, பிப்ரவரி 1 இரண்டில் ஏதாவது ஒரு நாளிலாவது அந்த நேரத்தில் பில் உள்ள கடைகளின் பட்டியலை டெவலப்பர் எடுத்துத் தர முடியும். அவர்கள் யாரும் புகார் சொல்லவில்லை என்பதற்குக் கவனிக்கவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். அந்தக் கடைகளுக்கும் எண்களை மாற்றி இதே ஈமெயில் போக வேண்டும், 11-ஆம் தேதிக்கு முன்.

ஆடிட்டர்கள் வழக்கமாகக் கடைசி இரண்டு மூன்று நாளில்தான் ரிப்போர்ட் எடுப்பார்கள். 9-ஆம் தேதி திங்கள். அதனால் வெள்ளிக்கிழமை, 6-ஆம் தேதி மாலைக்குள் ஈமெயில் போய்விட்டால் நல்லது. போனவுடன் அவருக்கு ஒரு போன் போட்டு, வந்ததா, இணைப்பு திறக்கிறதா, ஏற்கெனவே தாக்கல் செய்துவிட்டாரா என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர்கள் ஈமெயிலை இரவு கடை ஓய்ந்த பிறகுதான் திறப்பார்கள், இவர் கடைக்கோ ஓய்வே கிடையாது.